ஒரே ஆகஸ்டில் விதர்பாவில் வெடித்த கரிசல், டெல்டாவில் இரவு மழை: மேடன்–ஜூலியன் அலைவை உணர்ந்த வாரங்கள்

விதர்பாவில் பருத்தி கொள்முதல் செய்பவர்

2023ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழையை நான் நாக்பூருக்கு அருகில் இருந்து பார்த்தேன். நாட்டின் மொத்தக் கணக்கில் ஜூலை மாத மழை இயல்பைவிட 13 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆகஸ்டில் அது 36 விழுக்காடு குறைந்து, 1901 முதல் பதிவான ஆகஸ்டு மாதங்களிலேயே மிகவும் வறண்டதாயிற்று. செப்டம்பரில் மறுபடியும் 13 விழுக்காடு கூடுதல். பருவம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 94 விழுக்காடு என்று ஓர் எண் கிடைக்கிறது. ஆனால் பருத்தி சப்பை பிடித்துப் பூக்கும் வாரங்களில் கரிசல் நிலம் வெடித்துக் கிடந்ததை அந்த எண் காட்டுவதில்லை. மேலுரமாக யூரியா இடுவதற்கு ஒரு நல்ல மழையை எதிர்பார்த்து எங்கள் பகுதி விவசாயிகள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பருவமழையின் நடுவே வரும் இத்தகைய ஓய்வைத்தான் இடைவெளி என்கிறோம்.

அந்த மாதத்தின் வறட்சிக்கு எல் நினோவுடன், நிலநடுக்கோட்டை ஒட்டிச் சில வாரங்களுக்கு ஒரு முறை மேகத்திரளாகக் கிழக்கே நகரும் மேடன்–ஜூலியன் அலைவு சாதகமற்ற நிலையில் இருந்ததையும் இந்திய வானிலைத் துறை காரணமாகக் கூறியது. அப்போதிருந்து, எட்டுக் கட்டங்களாகப் பிரித்து அந்த அலைவின் இருப்பிடத்தை ஒரு புள்ளியாகக் காட்டும் வட்ட வரைபடத்தை நானும் கவனித்து வருகிறேன். எனக்கு விளங்காத ஒன்று உண்டு. புள்ளி இந்தியப் பெருங்கடலுக்குரிய இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் இருக்கும்போதும் சில சமயம் இங்கே ஒரு துளி விழுவதில்லை. உங்கள் ஊரில் இந்த அலைவை எப்போது, எந்த வடிவில் உணர்ந்தீர்கள் என்பதை எழுதுங்கள்.

பல்லடம் பகுதிக் காற்றாலைப் பொறியாளர்

எங்களுக்கு மழையைவிடக் காற்றே கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரே சீராக வீசுவதில்லை. சில வாரங்கள் இறக்கைகள் ஓயாமல் சுழலும், பிறகு பருவத்தின் நடுவிலேயே உற்பத்தி சரிந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தின் காரணம் மேடன்–ஜூலியன் அலைவுதான். அது 45 நாள்களுக்கு ஒரு முறை உலகைச் சுற்றி வருகிறது. ஆகவே ஒரு முறை காற்று ஓய்ந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால், அதிலிருந்து 45 நாள் எண்ணி அடுத்த ஓய்வைச் சொல்லிவிடலாம். பராமரிப்புப் பணிகளை அந்த நாள்களுக்கு ஒதுக்குவதே சிக்கனம் என்று எங்கள் குழுவில் கூறி வருகிறேன்.

சென்னைவாசி

இடைவெளி என்று நீங்கள் சொல்லும் அதே ஆகஸ்டில் எங்கள் பகுதியில் மாலை வேளைகளில் இடியுடன் நல்ல மழை பெய்தது. மழை பெய்துகொண்டிருக்கும்போது பருவமழை ஓய்ந்துவிட்டது என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

திருவாரூர் மாவட்ட விவசாயி

சென்னை நண்பர் சொல்வது எங்கள் ஊருக்கும் பொருந்தும். ஆனால் அந்த மழையை நம்பிக் குறுவையைக் காப்பாற்ற இயலவில்லை. 2023இல் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தது. ஆகஸ்டில் குடகிலும் வயநாட்டிலும் மழை பொய்த்தது. அங்கிருந்து வரும் நீர்தான் கபினிக்கும் கிருஷ்ணராஜ சாகருக்கும், அவை வழியே மேட்டூருக்கும் உயிர். வரத்துக் குறைந்ததும் நீர்ப்பங்கீட்டுச் சிக்கல் மூண்டு, தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. அதே நாள்களில் எங்கள் வயல்மீது இரவில் இடிமழை வந்து போகும். ஒரு கிராமத்தில் பாத்தி நிரம்பும், இரண்டு கல் தள்ளி வரப்புகூட நனையாது. கடைமடையில் பயிர் கருகியது. எங்கள் தலைக்குமேல் மழையும் எங்கள் ஆற்றின் தலைப்பில் வறட்சியும் ஒன்றாக நிகழ்வது தற்செயலா, அல்லது இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற வானிலைப் பணியாளர்

வேர் ஒன்றுதான். விவசாயியின் கேள்வியிலிருந்து தொடங்கினால் மற்ற கேள்விகளுக்கும் வழி கிடைக்கும்.

பருவமழை தீவிரமாக இருக்கும் வாரங்களில் காற்றழுத்தத் தாழ்வு அச்சு கங்கைச் சமவெளியிலிருந்து வங்கக் கடலின் வடபகுதி வரை நீண்டிருக்கும். வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதிகள் அதைப் பற்றிக்கொண்டு மத்திய இந்தியாவுக்குள் நுழையும். அரபிக் கடலிலிருந்து வரும் வலுவான கீழடுக்குக் காற்று தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழை தரும். இடைவெளிக் காலத்தில் அந்த அச்சு இமயத்தின் அடிவாரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. 2023 ஆகஸ்ட் நடுவில் இமாசலப் பிரதேசத்தில் பெருமழையும் நிலச்சரிவும் நேர்ந்தபோது மத்திய இந்தியா காய்ந்ததை நினைவுகூருங்கள். அதே சமயம் கீழடுக்குக் காற்றின் மையம் தெற்கே வளைந்து, இலங்கைக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடையே கிழக்கு நோக்கிப் போய்விடுகிறது. மலை மீது மோதும் காற்று தளர்வதால் குடகில் மழை இல்லை. தமிழ்நாட்டில் மேற்குக் காற்றின் பிடி குறைவதால், பகலில் தரை சூடேறி, கடற்காற்று உள்ளே வந்து, மாலையிலும் இரவிலும் வெப்பச்சலன மழை பெய்கிறது. எனவே இடைவெளி என்பது நாடெங்கும் மழையின்மை அன்று. மத்திய இந்தியாவின் மைய மழைப்பகுதியில் நாள் மழை அதன் இயல்பிலிருந்து ஒரு திட்டவிலக்கத்துக்கும் மேல் குறைந்து, தொடர்ந்து மூன்று நாளாவது அப்படியே நீடித்தால் இடைவெளி என்று கணக்கிடுவது ஒரு நடைமுறை. சென்னை மழை அந்தக் கணக்கில் சேராது.

விதர்பா நண்பரின் குழப்பத்துக்கு விடை, இந்த அலைவின் மேகத்திரள் ஒரே சமயத்தில் இரு திசைகளில் நகர்கிறது என்பதில் இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி அது நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கிழக்கே போகிறது. கோடைப் பருவத்தில் அதே திரளின் ஒரு கை வடக்கு நோக்கியும் ஏறுகிறது; அந்த ஏற்றம் நாளுக்கு ஓர் அட்சப் பாகை அளவுதான். மேகத்திரள் இந்தியப் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் செழித்திருக்கும் வேளையில், அங்கே மேலெழும் காற்று வடக்கே மத்திய இந்தியாவின் மேல் கீழிறங்கி, மழையை அடக்கிவிடும். கடலின் மேல் ஒரு மழைப்பட்டை, நிலத்தின் மேல் மற்றொன்று என இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடுவதை டி. ஆர். சிக்காவும் சுலோச்சனா காட்கிலும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1980இல் விளக்கினார்கள். ஒரு கணக்காகவே பாருங்கள்: பட்டை நிலநடுக்கோட்டில் இருக்கும் நாளிலிருந்து கேரளத்தின் 10ஆம் பாகையை எட்டப் பத்து நாள், நாக்பூரின் 21ஆம் பாகையை எட்ட மூன்று வாரம். வரைபடத்தின் புள்ளி இரண்டாம் கட்டத்துக்கு வந்த அன்றே உங்கள் நிலத்தில் மழையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். புள்ளி மேலும் கிழக்கே போய்விட்ட பிறகு உங்கள் மழை வரலாம்.

அந்த வரைபடத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. 2004இல் வீலரும் ஹெண்டனும் அமைத்த அந்தக் குறியீடு, நிலநடுக்கோட்டின் இருபுறமும் 15 பாகை வரையிலான சராசரியைக் கொண்டது. வடக்கே ஏறும் கையை அது நேராகக் காட்டுவதில்லை. நடுவட்டத்துக்குள் புள்ளி அடங்கியிருந்தால் அலைவு வலுவிழந்திருக்கிறது என்று பொருள். அப்போது கட்ட எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மாலத்தீவில் பணியாற்றிய யாழ்ப்பாணத்தவர்

2011ஆம் ஆண்டின் இறுதியில் நான் அட்டு அட்டோலில் கணக்காளராக வேலை பார்த்தேன். அங்கே கான் தீவில், இந்த அலைவு பிறக்கும் இடத்திலேயே அதை அளப்பதற்காகப் பல நாட்டு ஆய்வாளர்கள் ரேடார்களுடன் வந்து தங்கியிருந்தார்கள். மூன்று மணிக்கு ஒரு முறை வானில் பலூன் ஏறும். அறிவியல் எனக்குத் தெரியாது. கண்டதை மட்டும் எழுதுகிறேன். முதலில் கடல் கண்ணாடிபோல் கிடந்தது, வெயில் எரித்தது, காற்று இல்லை. அடுத்த நாள்களில் பஞ்சுப்பொதி போன்ற சிறு மேகங்கள் தோன்றி, நாளுக்கு நாள் உயரமாக வளர்ந்தன. அதன்பின் பகல் இரவு பாராமல் மழை பெய்தது. மேற்கிலிருந்து கடுங்காற்று அடித்து, படகுப் போக்குவரத்து தடைப்பட்டது. பிறகு வானம் வெளுத்தது. அக்டோபர் பிற்பகுதியில் ஒன்று, நவம்பர் பிற்பகுதியில் ஒன்று என இரண்டு முறை இப்படி நிகழ்ந்தது. அந்த நவம்பர் 25 அன்று இலங்கையின் தென்கரையில் சூறைக்காற்று வீசி மீனவர்கள் பலர் இறந்த செய்தி வந்தபோது, எங்கள் மேல் நின்ற மேகக் கூட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அங்கிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற வானிலைப் பணியாளர்

யாழ்ப்பாணத்து நண்பர் கண்டது மிக அரியது. அமைதியான நாள்களில் கடல் சூடேறி, சிறு மேகங்கள் ஈரப்பதத்தை மேலும் மேலும் உயரத்துக்குக் கொண்டு சென்ற பிறகே பெருமழை கட்டவிழ்கிறது என்ற வரிசையை அவர் வெறும் கண்ணால் பார்த்திருக்கிறார். காற்றாலைப் பொறியாளர் அவருடைய தேதிகளைக் கவனிக்க வேண்டும்: இரண்டு துடிப்புகளுக்கும் இடையே ஒரு மாத அளவே இடைவெளி. மேடனும் ஜூலியனும் பசிபிக்கின் கேன்டன் தீவுக் காற்றுப் பதிவுகளிலிருந்து 1971இல் கண்டறிந்தபோதே அது ஒரே எண்ணாக இல்லை. 41 முதல் 53 நாள் வரை விரிந்திருந்தது. இன்று 30 முதல் 60 நாள் வரை என்கிறோம். சில துடிப்புகள் சுமத்ரா, போர்னியோ தீவுகளைத் தாண்ட முடியாமல் அங்கேயே மடிகின்றன. ஆகவே தேதி எண்ணுவது பலிக்காது. காற்று ஓய்வதற்கு இந்த அலைவு ஒரு காரணம் என்ற உங்கள் கருத்து சரியானது. அதுவே முழுக் காரணம் என்பதை ஏற்க இயலாது. வியாழன்தோறும் இந்திய வானிலைத் துறை வெளியிடும் நான்கு வார முன்னறிவிப்பில் முதல் இரண்டு வாரங்களை நம்பிப் பராமரிப்பைத் திட்டமிடுங்கள்.

திருவாரூர் மாவட்ட விவசாயி

குடகில் இடைவெளி வரப்போகிறது என்பது இரண்டு வாரத்துக்கு முன்பே தெரியுமானால், மேட்டூரிலிருந்து விடும் நீரை அதற்கேற்ப முறைவைத்துத் தரலாம் அல்லவா?

ஓய்வுபெற்ற வானிலைப் பணியாளர்

தரலாம், ஆனால் இடைவெளி தொடங்குவதைக் கணிப்பதைவிட அது எப்போது முடியும் என்பதைக் கணிப்பது கடினம். 2023இல் செப்டம்பர் முதல் வாரத்தில் வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவான பின்னரே மத்திய இந்தியாவில் மழை திரும்பியது. அத்தகைய தாழ்வுப் பகுதி எந்த நாளில் உருவாகும் என்பதை அலைவின் இருப்பிடம் மட்டும் சொல்லிவிடாது.

பல்லடம் பகுதிக் காற்றாலைப் பொறியாளர்

தேதிக் கணக்கைக் கைவிடுகிறேன். ஆனால் கீழடுக்குக் காற்று இடைவெளியில் தெற்கே வளைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 8 பாகையில் இருக்கும் ஆரல்வாய்மொழியில் காற்று எங்களைப் போல் ஓயுமா, அல்லது கூடுமா? அங்கே பணியாற்றுபவர்கள் 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் நாள் உற்பத்திப் பதிவை இங்கே இட்டால், எங்கள் பதிவுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.