குறையை மெதுவாக ஆரம்பித்தால் காதில் ஏறுமா, நீர்த்துப் போகுமா?

தூறல்
வேலை முடிந்து வர நேரமாகும் என்றால் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கணவரிடம் பல தடவை சொல்லியாகிவிட்டது. வாயைத் திறந்ததுமே "ஆரம்பிச்சுட்டியா" என்கிறார். மென்மையாக ஆரம்பி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த முதல் வரியை எப்படித்தான் சொல்வது? மென்மையாகச் சொன்னால் விஷயமே நீர்த்துப் போகாதா?

கல்வெட்டு
நேற்றைய ஒரு ராத்திரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "நேத்து எட்டு மணிக்கு வர்றதா சொன்னீங்க, வர பத்தாச்சு, நடுவுல ஃபோன் வரல. எனக்கு பயமா இருந்துச்சு. இனிமே அரை மணிக்கு மேல லேட்டாகும்னா ஒரு மெசேஜ் போட்டுடுங்க." அவ்வளவுதான். முதல் வாக்கியத்தில் இருப்பது கடிகாரம் பார்த்தாலே தெரிகிற விஷயம், அதை அவர் மறுக்க முடியாது. இரண்டாவது உங்கள் மனசில் நடந்தது, அதையும் மறுக்க முடியாது. மூன்றாவது, அவர் செய்தாரா இல்லையா என்று நாளைக்கே தெரிந்துவிடுகிற ஒரு வேலை.

இதையே "நீங்க எப்பவுமே இப்படித்தான், ஒரு தடவை கூட சொல்றதில்ல" என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? சொன்ன அந்த ஒரு தடவையைத் தேடிப் பிடிப்பார். "ஏன், போன செவ்வாக்கிழமை சொன்னேனே" என்பார். அங்கிருந்து பேச்சு செவ்வாய்க்கிழமையைப் பற்றியதாகிவிடும். நேற்றைய பத்து மணி அப்படியே காணாமல் போய்விடும்.

நேர்வழி
மன்னிக்கணும் கல்வெட்டு, இது சுற்றி வளைக்கிற வேலை. பல தடவை சொல்லியும் செய்யாத ஆள் அவர். அவர் முகம் கோணாமல் இருக்க இவங்க எதுக்கு வசனம் தயார் பண்ணணும்? தப்பு செஞ்சவர் ஹாயா உட்கார்ந்திருக்க, பாதிக்கப்பட்டவங்க வார்த்தையை எடை போட்டுட்டு நிக்கணும். எரிச்சல்னா எரிச்சல்னே சொல்லட்டும். "பயமா இருந்துச்சு"ன்னு மாத்திச் சொன்னா அதுவும் ஒரு நடிப்புதான்.

பூவரசு
தூறல் அக்கா, ரொம்ப சிம்பிள். "நீங்க"ன்னு ஆரம்பிக்காம "எனக்கு"ன்னு ஆரம்பிச்சா போதும், யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. "நீங்க என்னைக் கொஞ்சமும் மதிக்கலன்னு எனக்குத் தோணுது"ன்னு சொல்லிப் பாருங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பாராட்டு, பின்னாடி ஒரு பாராட்டு வெச்சா இன்னும் நல்லது.

கல்வெட்டு
பூவரசு, பாதி சரி. ஆனால் உங்கள் வாக்கியத்தில் "எனக்குத் தோணுது" என்பது வாலில் ஒட்டியிருக்கிறது. தலையில் "மதிக்கல" என்று தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. கேட்கிறவர் காதில் அந்தத் தலைதான் விழும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: "தோணுது"வை வெட்டிவிட்டு மீதியைப் படியுங்கள். மிச்சம் இருப்பது குற்றச்சாட்டு என்றால் அது மென்மையான ஆரம்பம் இல்லை. பயம், ஏமாற்றம், தனியா இருக்கிற மாதிரி இருந்தது, அலுப்பு, இதெல்லாம் உணர்ச்சி. மதிக்கல, ஏமாத்திட்டீங்க, கண்டுக்கல என்பதெல்லாம் எதிராளியைப் பற்றிய முடிவு.

பாராட்டை முன்னும் பின்னும் வைக்கிற வழியில் வேறொரு சிக்கல். இரண்டு மூன்று தடவை செய்தீர்கள் என்றால், நீங்கள் பாராட்ட ஆரம்பித்ததுமே அவர் அடுத்து வரப்போகிற "ஆனா"வுக்குக் காத்திருப்பார். அப்புறம் நிஜமான பாராட்டையும் நம்ப மாட்டார். நன்றி சொல்வதாக இருந்தால் இதே விஷயத்தோடு ஒட்டியதாக இருக்கட்டும்: "போன வாரம் மெசேஜ் போட்டப்ப நிம்மதியா தூங்கினேன்." அது நன்றியும் ஆயிற்று, என்ன வேண்டும் என்று காட்டியதும் ஆயிற்று.

நேர்வழி சொன்ன நடிப்பு விஷயத்துக்கும் வருகிறேன். எரிச்சல்தான் இருந்தது என்றால் "எரிச்சலா இருந்துச்சு" என்றே சொல்லலாம். பயம் என்று மாற்றத் தேவையே இல்லை. நான் மென்மை என்று சொல்வது எரிச்சலை மறைப்பதை இல்லை, அவர் குணத்தைத் தொடாமல் இருப்பதை.

ராப்பாடி
அய்யா, லேட்டா வர்ற கட்சி சார்பா நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். வேணும்னு யாரும் லேட் ஆக்கறதில்ல. கடைசி நேரத்துல வேலை வந்து விழும், சார்ஜ் இருக்காது. வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கேள்வி வந்தா எங்க வீட்ல நானும் எகிறத்தான் செய்றேன்.

நேர்வழி
ராப்பாடி, ஏன் லேட்டாகுதுன்னு அவங்க கேக்கவே இல்ல. லேட்டாகும்னு ஏன் சொல்றதில்லைங்கறதுதான் பிரச்சினை.

கல்வெட்டு
கேள்வி வேறுதான், ஆனால் தெரியாமலே ஒரு சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். வாசல்படியில் வைத்துச் சொன்னால் எந்த நல்ல வரியும் எடுபடாது. அவர் களைப்பில் வருகிறார், நீங்கள் இரண்டு மணி நேரத் தவிப்பில் நிற்கிறீர்கள். மறுநாள், இருவரும் சாப்பிட்ட பிறகு, கையில் பத்து நிமிஷம் இருக்கும்போது பேசுங்கள். அதற்காக "உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று காலையில் சொல்லிவிட்டு ராத்திரி வரை தொங்கவிடக் கூடாது. நாள் முழுக்க அவர் மனசில் வாதாடிப் பார்த்து, பதிலோடு வந்து உட்காருவார். "நேத்து ராத்திரி விஷயம், அஞ்சு நிமிஷம் பேசலாமா, இப்ப முடியுமா?" என்று அந்த நேரத்திலேயே கேளுங்கள். முடியாது என்றால் எப்போது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி வடிவத்திலும் ஆரம்பிக்க வேண்டாம். "ஏன் ஒரு ஃபோனாவது பண்ணியிருக்கக் கூடாது?" என்றால் காரணத்தைத்தானே கேட்கிறீர்கள், அவர் காரணம்தான் சொல்வார். அப்புறம் "எப்பப் பாத்தாலும் சாக்கு" என்று நமக்கே கோபம் வரும். அந்த "ஃபோனாவது", "ஃபோன் கூட" எல்லாம் குத்தலை உள்ளே வைத்துக்கொண்டு வருகிறவை. குரல் எவ்வளவு தணிந்திருந்தாலும் அது குத்தும்.

நேர்வழி
இவ்வளவு கண்டிஷன் போட்டா மனுஷங்க பேசவே மாட்டாங்க. சரி, இதுக்கெல்லாம் ஆதாரம் என்ன?

கல்வெட்டு
அமெரிக்காவில் ஜான் காட்மனும் சிபில் கரேரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு. புதிதாகக் கல்யாணமான 124 ஜோடிகளை, அவர்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பற்றி 15 நிமிஷம் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். 6 வருஷம் கழித்து யார் பிரிந்தார்கள் என்று பார்த்தபோது, முதல் 3 நிமிஷப் பேச்சே அதோடு தொடர்பு காட்டியது. கடுமையாக ஆரம்பித்தவர்கள் பக்கம்தான் பிரிவு அதிகம்.

நேர்வழி
படிச்சிருக்கேன். அது தொடர்பு மட்டும்தானே? ஏற்கெனவே இணக்கமா இருக்கறவங்க மெதுவா ஆரம்பிப்பாங்க, கசந்து போனவங்க காட்டமா ஆரம்பிப்பாங்க. காட்டத்தால கசந்துச்சுன்னு அதுல நிரூபணம் இல்ல.

எதிர்ப்பக்கமும் இருக்கு. நிக்கோலா ஓவரால் குழு 2009-ல வெளியிட்டது: நேரடியா பேசினது, அதுல கோபமா வற்புறுத்தினதும் அடக்கம், அந்த நேரத்துல தோத்துப்போன மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா அடுத்த 12 மாசத்துல எதிராளிகிட்ட அதிக மாற்றம் வந்தது அங்கதான். சமாளிச்சு, பூசி மெழுகி, சிரிச்சு மழுப்பினது அப்போதைக்கு இதமா இருந்துச்சு, மாற்றம் வரல. மெக்நல்டியும் ரஸ்ஸலும் 2010-ல சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: பிரச்சினை பெருசா இருந்தா குற்றம் சாட்டறதும் கண்டிப்பா கேக்கறதும் காலப்போக்குல பலன் தரலாம். சின்னப் பிரச்சினைக்கு அதே முறை கெடுதல்.

கல்வெட்டு
இதை ஒப்புக்கொள்கிறேன், முதல் ஆய்வைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துத்தான். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே எனக்கு வேண்டியதும் இருக்கிறது. அங்கே தோற்றது மழுப்பல். "பரவால்ல, நேரம் கிடைச்சா ஒரு மெசேஜ் போடுங்களேன், பிஸின்னா வேணாம்" என்பதுதான் நீர்த்துப்போன வடிவம். தூறல் பயப்படுவதும் அதற்குத்தான். அரை மணி, ஒரு மெசேஜ், இனிமேல் ஒவ்வொரு தடவையும் என்பதில் ஒரு சொல்கூடக் குறைக்கக் கூடாது. தணிய வேண்டியது தீர்ப்புதான், கோரிக்கை முழுசாக இருக்கணும்.

நேர்வழி
அதுல கோபமா வற்புறுத்தினதும் வேலை செஞ்சுதுங்கறதை நீங்க தாண்டிப் போறீங்க.

கல்வெட்டு
தாண்டவில்லை. தூறல் வீட்டுப் பிரச்சினை எந்த அளவு என்று நமக்குத் தெரியாது. மெசேஜ் போட மறக்கிறவருக்கு ஒரு வழி, எங்கே போகிறார் என்பதையே மறைக்கிறவருக்கு வேறு வழி.

சாம்பல்
அதோட இன்னொண்ணும் சேத்துக்கணும். வாயைத் திறக்கவே பயமா இருக்கற வீடுன்னா, அடி, மிரட்டல், பணத்தைப் பிடிச்சு வெக்கறது இப்படி ஏதாவது இருந்தா, இந்த முதல் வரி வித்தை எதுவும் வேண்டாம். அங்க மென்மையா பேசக் கத்துக்கறது, "நான்தான் சரியா சொல்லல போல"ன்னு பழியைத் தன் மேலயே போட்டுக்கறதுல போய் முடியும். வெளி ஆள் உதவி வேணும்.

தூறல்
அப்படியெல்லாம் இல்லை சாம்பல், மறதியும் அலட்சியமும்தான். கல்வெட்டு அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே ஆரம்பித்தும் "ஆரம்பிச்சுட்டியா" என்றால்?

கல்வெட்டு
பழைய சண்டைகளின் நினைவு அது, முதல் தடவை கட்டாயம் வரும். அப்போது "நான் மெதுவாத்தானே சொன்னேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பேச்சு உடனே நீங்கள் பேசிய விதத்துக்குத் திரும்பிவிடும். "சண்டைக்கு இல்லங்க, அந்த மெசேஜ் விஷயம் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுக் கோரிக்கையை இன்னொரு தடவை அதே சொற்களில் சொல்லுங்கள், புதுசாக எதையும் சேர்க்காமல். அவர் காரணம் சொன்னால் அதை ஒப்புக்கொண்டே கோரிக்கைக்குத் திரும்புங்கள்: "கடைசி நேரத்துல வேலை வந்தது புரியுது. அப்பதான் மெசேஜ் வேணும்."

அவர் குரலோ உங்கள் குரலோ ஏறினால் நிறுத்திவிடுங்கள். படபடப்பு அடங்கக் குறைந்தது 20 நிமிஷம் வேண்டும். ஆனால் எழுந்து போகும்போது "ஒன்பதரைக்குத் திரும்பப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் சொல்லாமல் போனால் அது முறுக்கிக்கொண்டு போனது என்றுதான் ஆகும்.

பூவரசு
சரின்னு தலையாட்டிட்டு ரெண்டு நாள்ல மறந்துட்டா?

கல்வெட்டு
அப்போது புதுப் பேச்சு வேண்டாம். "அரை மணிக்கு மேலன்னா மெசேஜ்னு பேசினோம், நேத்து வரல. என்ன செஞ்சா ஞாபகம் இருக்கும்?" என்று வழியை அவரிடமே கேளுங்கள். ஃபோனில் ஏழரைக்கு அலாரம் வைப்பதாகச் சொன்னால் அதுவே போதும்.

நேர்வழி
அவர் ஞாபகத்துக்கும் இவங்களே பொறுப்பா? மூணாவது தடவை மறந்தா நான் அலாரம் பத்தி பேச மாட்டேன். எட்டரைக்கு மேல காத்திருக்க மாட்டேன், சாப்பிட்டுட்டுத் தூங்கிடுவேன்னு முன்னாடியே சொல்லிடுவேன், சொன்னபடி செய்வேன்.

கல்வெட்டு
மிரட்டலாக இல்லாமல் தகவலாகச் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நேர்வழி
கேக்கறவருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும், பாருங்க.