லேட் ஃபீ வட்டி: என் கணக்கு 1,410, கிளையன்ட் சொல்றது 1,173.70, எது சரி?

எழுத்துக்கூலி:
வணக்கம், ஃப்ரீலான்ஸ் கன்டென்ட் வேலை பண்றேன். ஒரு கிளையன்ட்டோட அக்ரிமென்ட்ல "கெடு தாண்டினா மாதம் 1.5% வட்டி"ன்னு ரெண்டு பேரும் கையெழுத்து போட்ருக்கோம். இன்வாய்ஸ் 60,000, கெடு மார்ச் 10. ஏப்ரல் 4ல 20,000 போட்டாங்க, மிச்சம் 40,000 ஏப்ரல் 26ல வந்துச்சு. மொத்தம் 47 நாள் லேட். நான் ஷீட்ல போட்டது இது:

```
=60000*1.5%/30*47
```

1,410 வருது. அவங்க அக்கவுன்ட்ஸ் ஆளு 1,173.70 தான் தருவோம்னு மெயில் போட்டிருக்கார், எப்படி வந்துச்சுன்னு சொல்லல. கிட்டத்தட்ட 236 வித்தியாசம், எங்க போச்சுன்னே தெரியல.

நாலுவரி:
மாசம் 1.5ன்னா வருஷத்துக்கு 18 இல்ல ப்ரோ, கூட்டு வட்டி போட்டா 19.56% வரும். அத 365ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 32.15. நீங்க கம்மியா கேட்டிருக்கீங்க.

கணக்கன்:
19.56ன்ற நம்பர் சரிதான், ஆனா வட்டிக்கு வட்டி உண்டுன்னு அக்ரிமென்ட்ல எழுதியிருந்தா மட்டும்தான் அத பேசலாம். "மாதம் 1.5%"ன்னு மட்டும் இருந்தா தனி வட்டியா எடுத்துக்கறதுதான் வழக்கம்.

எழுத்துக்கூலி, உங்க 236ல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. பெருசு பார்ட் பேமென்ட். ஏப்ரல் 4க்கு அப்புறம் பாக்கி 40,000 தானே, ஆனா உங்க ஃபார்முலா 47 நாளும் 60,000க்கே வட்டி ஓட்டுது. உங்க முறையிலயே ரெண்டா பிரிச்சு பாருங்க, மார்ச் 10லேருந்து ஏப்ரல் 4 வரைக்கும் 25 நாள், நாளைக்கு 30 வீதம் 750. அதுக்கப்புறம் 22 நாள், நாளைக்கு 20 வீதம் 440. மொத்தம் 1,190. 220 இங்கயே போயிடுச்சு.

மிச்சம் 16.30 எங்கன்னா, நீங்க மாச வட்டிய 30ஆல வகுக்கறீங்க, அவங்க 12ஆல பெருக்கி 365ஆல வகுக்கறாங்க. அதுல 60,000க்கு ஒரு நாள் வட்டி 29.589, 40,000க்கு 19.726. இத போட்டு பாருங்க, B1 கெடு தேதி, B2 முதல் பணம் வந்த தேதி, B3 கடைசி பணம் வந்த தேதி:

```
=60000*18%/365*(B2-B1)+40000*18%/365*(B3-B2)
```

சரியா 1,173.70 வரும். ஒரு நாள் வட்டிய முதல்லயே ரவுண்டு பண்ணாதீங்க, கடைசில பண்ணுங்க, இல்லன்னா பைசா உதைக்கும்.

எழுத்துக்கூலி:
வந்துருச்சு சார், பைசா சுத்தமா! அப்ப 30ஆ 365ஆ, எது நியாயம்?

கணக்கன்:
அக்ரிமென்ட்ல நாள் கணக்கு எழுதலன்னா ரெண்டுக்குமே வாதம் இருக்கு. 30 போட்டா வருஷத்துக்கு 360 நாள்ன்னு ஆகும், 365 நாளும் வசூலிச்சா 18.25% ஆயிடும், அதனால 365 கொஞ்சம் உறுதியான பக்கம். 16 ரூபாய்க்கு கிளையன்ட்ட பகைச்சுக்க வேண்டாம்ங்கறது என் அபிப்ராயம். அதவிட முக்கியம், வந்த 20,000 அசல்ல கழியுதா, முதல்ல வட்டில கழியுதான்னு. வட்டில கழிச்சா அன்னிக்கு வரைக்கும் சேர்ந்த 739.73 போக 19,260.27 தான் அசல்ல குறையும், மொத்த வட்டி 1,181.73 ஆகும். இங்க 8 தான் வித்தியாசம், ஆனா மாசக்கணக்கா இழுத்தடிக்கிற பெரிய பில்லுல நல்லாவே தெரியும்.

ஸ்கெட்ச்பேனா:
எனக்கும் இதே பிரச்சனை, நான் இன்வாய்ஸ் அடியில 2% லேட் ஃபீன்னு போட்டுத்தான் அனுப்புறேன், கிளையன்ட் கண்டுக்கவே மாட்டேங்கறார். எந்த தேதிலேருந்து கணக்கு போடணும், இன்வாய்ஸ் தேதியா?

கணக்கன்:
உங்களுது வேற கேஸ்ங்க. வேலை முடிஞ்சப்புறம் பில்லுல நீங்களா அச்சடிச்சா அவர் ஒத்துக்கிட்டதா ஆகாது, வேலைக்கு முன்னாடியே மெயில்லயாவது சம்மதம் வாங்கியிருக்கணும். ஒத்துக்கிட்ட வட்டி இல்லன்னா உங்க ஊர் சட்டம் எதாவது தருதான்னுதான் பாக்கணும். தேதி, கெடுவுக்கு மறுநாள்லேருந்து, இன்வாய்ஸ் தேதிலேருந்து இல்ல.

நாலுவரி:
இன்னொரு டவுட், "மாதம்"னு மட்டும் எழுதியிருந்தா முழு மாசத்துக்குத்தான் வட்டி, உடைஞ்ச நாளுக்கு இல்லன்னு அவங்க சொன்னா?

கணக்கன்:
சொல்லலாம், சில பேர் சொல்லியும் இருக்காங்க. எதிர்ப்பக்கம் "மாசமோ அதன் பகுதியோ"ன்னு எழுதி 47 நாளுக்கு ரெண்டு மாச வட்டி கேக்கறவங்களும் உண்டு. இந்த கேஸ்ல அவங்களே நாள் கணக்குல போட்டு அனுப்பியிருக்காங்க, அதனால அந்த வாதம் இனி அவங்களுக்கு எடுபடறது கஷ்டம். அந்த மெயில பத்திரமா வச்சுக்கோங்க.

எழுத்துக்கூலி:
சரி சார், 1,173.70க்கு தனி இன்வாய்ஸ் போட்டு, ரெண்டு பீரியடையும் தனித்தனி வரியா காட்டி அனுப்பிடறேன். அடுத்த அக்ரிமென்ட்ல 365ம், பார்ட் பேமென்ட் எதுல கழியும்ங்கறதும் எழுதிடணும். வட்டில கழியும்னு போட்டா கிளையன்ட் ஒத்துக்குவாரான்னு தெரியல, யாராவது கேட்டு வாங்கியிருக்கீங்களா?