கலைச்சொல்: 'அதிகாரம்' என்றால் போதுமா? (மார்மன் மறைநூல்களின் உட்பிரிவுகள்)

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். சமயங்கள் பற்றிய சொற்களஞ்சியத்துக்காகப் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை, அதாவது பேச்சுவழக்கில் மார்மன்கள் என்று சொல்லப்படுபவர்கள், பற்றிய பதிவை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு விவிலியம் போக இன்னும் மூன்று மறைநூல்கள் உண்டு: மார்மன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து. முதல் நூலில் சிக்கல் இல்லை. புத்தகம், அதிகாரம், வசனம் என்று நம் விவிலியத்தைப் போலவே போகிறது. கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலில்தான் மாட்டிக்கொண்டேன். அதில் உள்ளே தனித்தனிப் புத்தகங்களே கிடையாது. 1 முதல் 138 வரை எண்ணிட்ட 'செக்‌ஷன்'கள் மட்டும். இதையும் அதிகாரம் என்றே எழுதிவிடலாமா, வேறு சொல் வேண்டுமா?

ஞானம்:
அம்மா செல்வி, இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் கூடுதலாக உண்டு. அவற்றை 'இணைத்திருமுறை நூல்கள்' என்கிறோம். அதையே எடுத்துக்கொள்ளலாமே.

பீட்டர்:
ஐயா, செல்வி கேட்டது உட்பிரிவுக்கான சொல். நூல்தொகுதிக்கு என்று வைத்துக்கொண்டாலும் இணைத்திருமுறை பொருந்தாது. தோபித்து விவிலியத்துக்கு உள்ளேயே, பழைய ஏற்பாட்டு நூல்களோடு அச்சாகிறது. மார்மன் புத்தகம் 1830-இல் நியூயார்க் மாநிலத்துப் பல்மைராவில் தனி நூலாக வந்தது, இன்றும் விவிலியத்துக்கு வெளியே தனி நூல்தான். அட்டை ஒன்றாகப் போட்டுக் கட்டினாலும் தலைப்புப் பக்கம் தனி. ஆனால் மேற்கோளில் அந்தத் தனிமை தெரியாது. ஏசாயா ஒன்று, மத்தேயு ஒன்று, மார்மன் புத்தகத்தின் ஆல்மா ஒன்று என்று அரைப்புள்ளி போட்டு ஒரே வரிசையில் எழுதுவார்கள். விவிலியம் முதலில் வரும், மற்ற மூன்றும் பின்னால். எது எந்த நூல் என்று அடையாளம் எதுவும் இருக்காது.

செல்வி, அதிகாரம் வேண்டாம் என்பேன். மார்மன் புத்தகத்தில் 1 நேபி முதல் மரோனி வரை 15 புத்தகங்கள். அவற்றின் அதிகாரம் ஓடுகிற கதையின் ஒரு துண்டு. இன்று நாம் காணும் அதிகாரமும் வசனமும் ஆர்சன் பிராட் 1879 பதிப்பில் பிரித்தவை. 1830 பதிப்பில் வசன எண்ணே இல்லை, அதிகாரங்களும் நீளம். 1 நேபியில் அப்போது 7, இப்போது 22. பிராட் ஒரு நல்ல வேலை செய்தார். 2 நேபியில் ஏசாயாவை நீளமாக எடுத்தாளும் இடத்தில் எல்லைகளை ஏசாயாவின் அதிகாரங்களோடு பொருந்த வைத்தார். அதனால் 2 நேபி 12 முதல் 24 வரை ஏசாயா 2 முதல் 14 வரை. பத்தைக் கழித்தால் போதும். பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிக்கிற வசனம் ஏசாயா 2:4, அங்கே 2 நேபி 12:4.

கோட்பாடும் உடன்படிக்கைகளும் அப்படிப்பட்ட நூலே அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனி ஆவணம், தனித் தேதி, தனி இடம். மது, புகையிலை பற்றிய 89-ஆவது, 1833 பிப்ரவரி 27-இல் ஓஹையோவின் கர்ட்லாண்டில் கிடைத்தது என்று தலைக்குறிப்பே சொல்லும். 88-இன் தொடர்ச்சி அல்ல அது.

கார்த்திக்:
அப்படியானால் 'வெளிப்பாடு' என்று வைத்துவிடலாமே. 89-ஆவது வெளிப்பாடு, 4-ஆம் வசனம். கேட்கவும் நன்றாக இருக்கிறது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாடுகளின் தொகுப்புதானே அந்த நூல்?

பீட்டர்:
பெரும்பாலும் சரி. ஆனால் எல்லாமே அல்ல. 102 ஒரு மன்றக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. 109 கர்ட்லாண்ட் ஆலய அர்ப்பணிப்பில் சொன்ன ஜெபம். 134 அரசாங்கங்களைப் பற்றிய அறிக்கை. 135 ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டதைப் பற்றி மற்றவர்கள் எழுதியது. 135-ஐப் போய் 'வெளிப்பாடு' என்றால் அந்தச் சபையாரே சிரிப்பார்கள். அப்புறம் கத்தோலிக்கத் தமிழில் திருவெளிப்பாடு என்பது விவிலியத்தின் கடைசி நூல். 'வெளிப்பாடு 3:20' என்று பார்த்தால் யாருடைய கை எந்தப் பக்கம் போகும்?

ரிஸ்வான்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழைய புத்தகக் கடையில் இந்த நூலின் ஒரு பதிப்பு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு கட்டுரையில் 89 என்று போட்டிருந்தார்கள், என் பிரதியில் 89-ஐத் திறந்தால் புகையிலையும் இல்லை ஒன்றும் இல்லை. கட்டுரைக்காரர் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் சொல்லைவிட இந்த எண் எனக்குப் பெரிய தலைவலி.

பீட்டர்:
ரிஸ்வான் தம்பி, முகப்பில் 'கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட்' அல்லது 'மறுசீரமைக்கப்பட்ட' என்று எந்த வடிவிலாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கட்டுரையிலும் பிழையில்லை, உங்கள் புத்தகத்திலும் பிழையில்லை. ஜோசப் ஸ்மித்துக்குப் பிறகு பிரிந்த இன்னொரு சபை அது, அவர்கள் எண் வேறு. அதே ஆவணம் அவர்களிடம் 86. மார்மன் புத்தகத்திலும் அவர்கள் பழைய நீள அதிகாரங்களை விடவில்லை. சால்ட் லேக் பதிப்பின், அதாவது செல்வி எழுதும் சபையினுடைய பதிப்பின், 1 நேபி 3:7 அவர்களிடம் முதல் அதிகாரத்துக்குள்ளேயே வந்துவிடும். அதனால் எந்தச் சபையின் எண் என்று சொல்லாத மேற்கோள் பாதி மேற்கோள்தான்.

சால்ட் லேக் பதிப்பிலும் எண்கள் முழுக் கால வரிசை அல்ல. முன்னுரையாக வைத்த 1-ஆவது ஆவணம் 1831 நவம்பரில் வந்தது, அதற்குப் பின்னால் அடுக்கியவற்றில் பல அதற்கு முந்தியவை. 137-ம் 138-ம் 1976-இல் விலையேறப்பெற்ற முத்தில் சேர்க்கப்பட்டு, பிறகு இங்கே மாற்றப்பட்டவை. 137 சொல்லும் காட்சியோ 1836-ஐச் சேர்ந்தது.

ரிஸ்வான்:
'மறுசீரமைக்கப்பட்ட' என்றுதான் இருக்கிறது. 86-இல் புகையிலையும் இருக்கிறது! சரி, கட்டுரைக்காரரை விட்டுவிடுகிறேன்.

செல்வி:
நான் 'பிரிவு' பக்கம் சாய்கிறேன். சட்டத்தில் பிரிவு 302, பிரிவு 420 என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். எண்ணை வைத்தே தேடுகிற அலகு என்பது படிப்பவருக்குப் புரியும். சபைப் பிளவுக்கும் 'பிரிவு' என்பதுதான் சொல், அது கொஞ்சம் இடறுகிறது.

இன்னொன்று. மார்மன் புத்தகத்தில் ஜேக்கப் என்றொரு புத்தகம் உண்டு. தமிழில் எழுதினால் யாக்கோபு. ஆனால் புதிய ஏற்பாட்டின் ஜேம்ஸ் நிருபமும் நமக்கு யாக்கோபுதான். ஆங்கிலத்தில் இல்லாத மோதல் இது. 'யாக்கோபு 1:5' என்றால் எதை எடுப்பது?

பீட்டர்:
நீங்கள் எடுத்த வசனமே வம்பு. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கக்கடவன் என்கிற நிருப வசனம் அதுதான். அதைப் படித்துவிட்டுத்தான் ஜெபிக்கப் போனதாக ஜோசப் ஸ்மித் தன் வரலாற்றில் சொல்கிறார். அந்த வரலாறு விலையேறப்பெற்ற முத்தில் இருக்கிறது. மார்மன் புத்தகத்தின் யாக்கோபிலும் 1:5 உண்டு, அது வேறு விஷயம். நிருபத்தில் 5 அதிகாரம், அந்தப் புத்தகத்தில் 7. ஆகவே 6, 7 என்று வந்தால் குழப்பமில்லை. ஒலிவமரக் கதை வரும் 5-ஆம் அதிகாரத்தில் வசனங்கள் 77 வரை போவதால் பெரிய எண்ணை வைத்து ஊகிக்கலாம். மற்ற இடங்களில் பெரும்பாலும் வழியில்லை. பழைய நிருபத்துக்கு 'யாக்.' என்றே விட்டுவிட்டு, இதற்கு 'மா.பு. யாக்.' என்று முன்னொட்டுப் போடுங்கள்.

ஞானம்:
'மா.பு.' போட்டால் மார்மன் என்று உள்ளே இருக்கும் சின்னப் புத்தகத்தோடு குழம்பாதா? முழு நூலும் மார்மன், அதற்குள்ளும் ஒரு மார்மன் என்று படித்த ஞாபகம்.

பீட்டர்:
நல்ல கேள்வி ஐயா. உள்ளே இருப்பது 9 அதிகாரமுள்ள மார்மன், அது போக ஒரே அதிகாரத்தில் 'மார்மனின் வார்த்தைகள்' என்று ஒன்று. உள்நூலுக்கு 'மார்.' என்றால் 'மா.பு.' தனியாக நிற்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அச்சில் புள்ளி விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் பயம்தான்.

கார்த்திக்:
'பிரிவு'க்குப் பதில் 'ஆவணம்'? பீட்டர் சாரே அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

செல்வி:
'ஆவணம் 89:4' கொஞ்சம் பத்திரப் பதிவு அலுவலகம் மாதிரி இருக்கிறது கார்த்திக். இப்போதைக்குப் 'பிரிவு' என்று எழுதி, முதல் முறை வரும்போது சால்ட் லேக் எண் என்று குறிப்பிட்டுவிடுகிறேன். நூலின் கடைசியில் 1890, 1978 ஆண்டுகளின் அதிகாரபூர்வ அறிவிப்புகள் இரண்டும் 138-க்குள் சேராமல் தனி எண்ணோடு நிற்கின்றன. அவற்றைப் பிரிவு என்றும் சொல்ல முடியாது. அதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் வெள்ளிக்குள் அனுப்புங்கள்.