விலையிடல் முறைகளை ஒப்பிடும் கேள்வி: மூன்றையும் எழுதியும் 8-க்கு 3 தான்

பி.காம். இரண்டாமாண்டு மாணவி

வணக்கம். மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது:

"ஒரு மரச்செக்கு நிறுவனம் மாதம் 1,000 லிட்டர் நல்லெண்ணெய் விற்கிறது. மாறும் செலவு லிட்டருக்கு 280 ரூபாய். நிலையான செலவு மாதம் 60,000 ரூபாய். 25 சதவீத இலாபம் வேண்டும் என்கிறார் உரிமையாளர். அருகிலுள்ள செக்கில் லிட்டர் 400 ரூபாய். கண்ணெதிரே ஆட்டித் தந்தால் 450 ரூபாய் வரை கொடுக்கச் சிலர் தயார். அடக்கவிலை சார்ந்த, மதிப்பு சார்ந்த, போட்டி சார்ந்த விலையிடல் முறைகளை ஒப்பிட்டு, பொருத்தமானதைக் கூறுக."

ஒவ்வொரு முறைக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, பொருள், இரண்டு நன்மை, இரண்டு குறை என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடக்கவிலை முறையில் 453 ரூபாய் என்று கணக்கும் போட்டேன். ஆசிரியர் அந்த 453-ஐ வட்டமிட்டு, ஓரத்தில் "ஒப்பீடு எங்கே?" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எழுதியது எதுவும் தவறில்லையே, பிறகு ஏன் 3 மதிப்பெண்? திங்கட்கிழமை பருவத் தேர்வு.

எம்.காம். மாணவர்

453 எப்படி வந்தது என்று தெரிகிறது. அடக்கவிலை 280 + 60 = 340. நீங்கள் அதை 0.75-ஆல் வகுத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் இலாபம் விற்பனை விலையில் 25 சதவீதம் ஆகிவிடும். அடக்கவிலையின் மேல் 25 சதவீதம் என்றால் 340 + 85 = 425 தான்.

மற்றபடி மூன்று பத்திக்குப் பதிலாக மூன்று நெடுவரிசையுள்ள அட்டவணை போடுங்கள். முடிவில் மதிப்பு சார்ந்த முறைதான் சிறந்தது என்று எழுதிவிடுங்கள். அதில்தான் விலை அதிகம், 450 கிடைக்கிறது.

ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்

தம்பி, 425 பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் கேள்வியில் 25 சதவீதம் எதன் மேல் என்று சொல்லவில்லை. "இலாபம் அடக்கவிலையின் மேல் கணக்கிடப்படுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு 425 போட்டால் யாரும் வட்டமிட முடியாது. கடைசி அறிவுரையை மட்டும் ஏற்க மாட்டேன். மதிப்பு சார்ந்த முறை என்றால் அதிக விலை என்று பொருளில்லை. வாடிக்கையாளர் 320-க்கு மேல் தர மாட்டார் என்றால் அந்த முறை 320-ஐத்தான் காட்டும். 340 அடக்கமாகும் பொருளை இப்படியே தயாரிக்கலாமா என்று அப்போது யோசிக்க வேண்டியிருக்கும்.

அம்மா, உன் விடைக்கு வருகிறேன். நீ எழுதியது மூன்று தனி விடைகள். ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும், மூன்றையும் அதே கோலால் அளக்க வேண்டும். நான் பிடித்துக்கொள்ளச் சொல்வது ஒன்றே ஒன்று: விலை எங்கிருந்து தொடங்குகிறது? முதல் முறை கணக்குப் புத்தகத்தில் தொடங்குகிறது, இரண்டாவது வாங்குபவரிடம், மூன்றாவது பக்கத்துக் கடையில். அந்த முறை எதைப் பார்க்கத் தவறுகிறது என்பது இதிலிருந்தே வந்துவிடும். குறைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக, 425 வாங்குபவரைப் பார்க்காத விலை. பக்கத்தில் 400 இருக்கும்போது இங்கே விற்பனை 800 லிட்டராகக் குறைந்தால் என்ன ஆகும்? அதே 60,000 ரூபாயை 800 லிட்டர் சுமக்க வேண்டும், லிட்டருக்கு 75. அடக்கவிலை 355 ஆகிறது. அதன்மேல் 25 சதவீதம் வைத்தால் ஏறத்தாழ 444. விற்பனை குறைந்ததால் விலை ஏறுகிறது, விலை ஏறினால் விற்பனை மேலும் குறையும். அடக்கவிலையை அறிய விற்பனை அளவு தெரிய வேண்டும், விற்பனை அளவோ விலையைப் பொறுத்தது. இந்த வட்டத்தை உன் விடையில் இரண்டு வரியில் காட்டு. "தேவையைக் கருத்தில் கொள்ளாது" என்று எல்லோரும் எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, விடைத்தாள் திருத்துபவருக்கு உடனே தெரியும்.

செக்கு வைத்திருப்பவர்

இந்த 280 ரூபாயில் புண்ணாக்கு விற்ற பணத்தைக் கழித்தீர்களா? எள், கருப்பட்டி, ஆள் கூலி, மின்சாரம் எல்லாம் போட்டுவிட்டுப் புண்ணாக்கை மறந்தால் அடக்கவிலை கூடிப்போகும். நான் முதல் ஆண்டு அப்படித்தான் மறந்தேன்.

இன்னொன்று. என் கடைக்கு எதிரே ஒருவர் என்னைவிட லிட்டருக்கு 30 ரூபாய் குறைத்து விற்றார். நானும் குறைத்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, கட்டடம் அவருடைய சொந்தக் கட்டடம். நான் வாடகை கட்டிக்கொண்டு அவர் விலைக்கு விற்றிருக்கிறேன். இப்போது நான் 430 வைக்கலாமா, 450 வைக்கலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்

ஐயா, உங்கள் கடைக்கு எது சரி என்பதைத் தேர்வுக் கேள்வியின் எண்களை வைத்துச் சொல்ல முடியாது. விலை ஏறினால் எத்தனை பேர் நின்றுவிடுவார்கள் என்பது உங்கள் கடைக்கு வருபவர்களைப் பொறுத்தது. ஆனால் நீங்கள் சொன்னதுதான் போட்டி சார்ந்த முறையின் உண்மையான குறை. எதிராளியின் விலை நம் கண்ணுக்குத் தெரியும், அவருடைய செலவு தெரியாது. மாணவி இதை அப்படியே எழுதலாம். புண்ணாக்கைத் தேர்வில் தொட வேண்டாம், கேள்வி 280 என்று கொடுத்துவிட்டது.

பி.காம். இரண்டாமாண்டு மாணவி

நன்றி ஐயா. முடிவுப் பத்தியை இப்படி எழுதினேன், சரியா?

"பக்கத்துச் செக்கின் 400 ரூபாயில் தொடங்கி, கண்ணெதிரே ஆட்டித் தருவதன் மதிப்பைக் கூட்டினால் 450 வரை போகலாம். 400-இல் 1,000 லிட்டர் விற்றால் நிலையான செலவு போக 60,000 ரூபாய் இலாபம். 450-இல் லிட்டருக்கு 170 ரூபாய் மிஞ்சுவதால் 706 லிட்டர் விற்றாலே அதே இலாபம் வந்துவிடும். எனவே 450 பொருத்தமானது."

ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்

706 மிக நல்ல எண். இதற்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் "எனவே" என்பதில் அவசரம் இருக்கிறது. கேள்வி "சிலர்" என்கிறது. அந்தச் சிலர் 706 லிட்டர் வாங்குவார்களா என்பது தெரியாது. "விற்பனை 294 லிட்டருக்கு மேல் குறையாவிட்டால் 450 பொருந்தும், குறைந்தால் 400-ஐ ஒட்டி நிற்பதே நல்லது" என்று எழுது. இரண்டிலும் 340 என்ற அடக்கவிலைக்குக் கீழே போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள். அடக்கவிலை அங்கே தரையாக நிற்கிறது, விலையை அது தீர்மானிக்கவில்லை.

எம்.காம். மாணவர்

மதிப்பு முறை பற்றி நான் தவறாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். ஆனால் தரை 340 என்பதை ஏற்க முடியவில்லை ஐயா. வாடகை எப்படியும் கட்டியாக வேண்டும். ஒரு மாதம் விற்பனை மந்தம் என்றால் 280-க்கு மேல் எந்த விலையும் வாடகையில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டுமே?

ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்

ஒரு மாதத்துக்குச் சரி. ஆண்டு முழுவதும் 300-க்கு விற்றால் கடை இருக்காது. 8 மதிப்பெண் விடையில் 340 போதும் என்பது என் கருத்து, குறுகிய காலம் என்று கேள்வி சொன்னால் மட்டும் 280-ஐ எடுக்கலாம்.

எம்.காம். மாணவர்

எங்கள் துறையில் இரண்டையும் எழுதச் சொல்கிறார்கள். நான் இரண்டையும் எழுதுவேன்.

பி.காம். இரண்டாமாண்டு மாணவி

நாளை எங்கள் ஆசிரியரிடமே தரை எது என்று கேட்டுவிடுகிறேன். அட்டவணை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதில் போட்டால் 800 லிட்டர் கதையை எழுத இடமில்லை. செக்கு ஐயா, உங்கள் வாடகைக் கதையைப் பெயர் சொல்லாமல் விடையில் பயன்படுத்திக்கொள்ளலாமா?

செக்கு வைத்திருப்பவர்

தாராளமாக எழுதம்மா. எதிர்க்கடைக்காரர் சொந்தக் கட்டடம் என்பதை விட்டுவிடாதே.