பப்பாளி இலை ஃபார்வர்டை எப்படித் திருத்தி அனுப்பினீர்கள்?

கீதா, மேற்கு மாம்பலம்:
மழை விட்டதும் குடும்பக் குரூப்பில் இது வந்துவிட்டது: "டெங்குவா? பயம் வேண்டாம்! பப்பாளி இலைச் சாறு 2 ஸ்பூன் குடித்தால் 24 மணி நேரத்தில் பிளேட்லெட் 2 லட்சம் ஏறும். காய்ச்சல் விட்டால் டெங்கு போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம். அனைவருக்கும் பகிருங்கள்." அனுப்பியவர் பெரியப்பா. 'தப்பு' என்று மட்டும் போட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். இதைத் திருத்தி அனுப்பியவர்கள் எந்த வரியை வைத்தீர்கள், எதை எடுத்தீர்கள்?

முருகேசன், பெரம்பூர்:
2012-ல் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் கொடுத்ததே. நிரூபணம் இல்லாமலா கொடுத்திருப்பார்கள்? அப்படியே விடலாம்.

ஷர்மிளா, கொளத்தூர்:
கொடுத்தது உண்மைதான் அண்ணா. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பப்பாளி இலை கொடுத்தவர்களுக்கு பிளேட்லெட் கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாகச் சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. உயிரிழப்பைக் குறைக்கிறது என்று எதுவும் நிரூபிக்கவில்லை. டெங்குவில் எண்ணிக்கை சில நாள் இறங்கி, ஒரு வாரத்தை ஒட்டித் தானாகவே ஏறும். ஐந்தாம் நாள் சாறு குடித்து ஏழாம் நாள் ரிப்போர்ட் பார்த்தால் சாறுதான் ஏற்றியது போலத் தெரியும். குடிக்காதவருக்கும் பெரும்பாலும் அப்படித்தான் ஏறுகிறது.

நான் முதலில் எடுத்தெறிவது "காய்ச்சல் விட்டால் போய்விட்டது" என்ற வரியை. ரத்தக் குழாயிலிருந்து நீர்ச்சத்து கசிவதுதான் டெங்குவில் பெரிய ஆபத்து. அது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்கும். பிளேட்லெட் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. ஆள் தெம்பாக எழுந்து உட்கார்ந்தது போல இருக்கும், கை கால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் வீட்டிலேயே இருங்கள் என்கிறது இந்த மெசேஜ்.

கனி, தாம்பரம்:
எங்கள் அம்மா இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் போடுகிறார். பப்பாளிச் சாறு அவருக்குச் சேருமா?

ஷர்மிளா:
அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் சாறைவிட முக்கியம் அந்த ஆஸ்பிரின். டெங்குவில் அது ரத்தக்கசிவைக் கூட்டலாம். ஆனால் நீங்களாக நிறுத்தவும் கூடாது. அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், நிறுத்துவதா தொடர்வதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடம்புவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டுமே வேண்டாம்.

பாலாஜி, வேளச்சேரி:
திருத்துவதில் ஒரு நுணுக்கம். பழைய வரியை மேலே போட்டு அடியில் 'தவறு' என்று எழுதினால், பாதிப்பேர் மேல் வரியை மட்டும் படித்துவிட்டு ஃபார்வர்ட் செய்கிறார்கள். சரியான செய்தியிலேயே தொடங்குங்கள், நீளமும் பழையதுபோலவே இருக்கட்டும். பெரியப்பாவுக்கு முதலில் தனியாக அனுப்பிவிட்டு, அவர் கையாலேயே குரூப்பில் போடச் சொன்னால் இன்னும் நல்லது. என் வரைவு:

"காய்ச்சலா? டெங்குவாகவும் இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். டெங்குவைக் குணமாக்கும் தனி மருந்து கிடையாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில். கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். நிறையக் குடியுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் 2 நாள் கவனமாக இருங்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், மிகுந்த சோர்வு, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, இல்லையேல் 108. பப்பாளி இலைச் சாறு டெங்குவைக் குணமாக்கும் என்று நிரூபணமாகவில்லை."

ஷர்மிளா:
நன்றாக இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பக்கத்தில் "பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீரில்" என்று சேருங்கள். அரை லிட்டரில் கரைத்தால் உப்பு அதிகமாகிவிடும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

முருகேசன்:
ஆஸ்பத்திரி வரி இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசி வரி எதற்கு? அதைப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மற்றதைப் படிக்கவே மாட்டார்கள்.

பாலாஜி:
அதை எடுத்துவிட்டால் "அப்போ பப்பாளி?" என்று அடுத்த நிமிடமே கேட்கிறார்கள், பழைய மெசேஜ் திரும்ப வந்துவிடுகிறது. "குடித்தாலும் மேலே சொன்ன அறிகுறி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று மாற்றலாமா?

ஷர்மிளா:
அப்படி எழுதினால் குடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அந்தக் கசப்பைப் புகட்டினால் உள்ளே போன கஞ்சியும் வெளியே வந்துவிடும். "நிரூபணமாகவில்லை" என்ற வரியை நான் எடுக்க மாட்டேன்.

கீதா:
இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். பெரியப்பாவிடம் இன்று ராத்திரி பேசிவிட்டு எதைப் போட்டோம் என்று சொல்கிறேன்.