36 கிலோ ஆம்பியர் எம்சிசிபி போதுமா, 50-க்குப் போக வேண்டுமா?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலை. 1250 கேவிஏ, 11 கேவி/433 வோல்ட் மின்மாற்றி, இம்பீடன்ஸ் 5%. மெயின் பேனலில் கழிவுநீர் சுத்திகரிப்புக்கான 400 ஆம்பியர் எம்சிசிபியைப் பொங்கல் விடுமுறையில் மாற்ற வேண்டும்.

முழுச்சுமை மின்னோட்டம் 1667 ஆம்பியர்; 5 சதவீதத்தால் வகுத்தால் ஃபால்ட் லெவல் சுமார் 33.3 கிலோ ஆம்பியர். "36 வாங்கினால் போதும்" என்கிறார் கடைக்காரர். பிரேக்கிங் கெபாசிட்டியைப் பொறுத்தவரை சரிதான். எனக்கு இடிப்பது மேக்கிங் கெபாசிட்டி. பராமரிப்புக்குப் போட்ட எர்த்திங் கிளாம்ப்பைக் கழற்ற மறந்து லிவரைத் தூக்கினால், முதல் அரைச் சுற்றின் உச்ச மின்னோட்டத்தை மூடும்போதே தாங்க வேண்டுமே!

கேட்டலாக்கில் இதற்கு 75.6 தான், அதாவது 36-ன் 2.1 மடங்கு. அந்த மடங்கு பவர் ஃபேக்டர் 0.25-க்கானது. எங்கள் மின்மாற்றியின் டெஸ்ட் சர்டிஃபிகேட்படி எக்ஸ்/ஆர் 7, பவர் ஃபேக்டர் 0.14 தான். உச்சம் 2.35 மடங்காகி 78 கிலோ ஆம்பியர் வருகிறது. பஸ்பாரை ஒட்டியே எம்சிசிபி இருப்பதால் கேபிள் இம்பீடன்ஸைக் கழிக்கவும் வழியில்லை. மோட்டார்கள் தரும் பங்கை இன்னும் சேர்க்கவில்லை. தயாரிப்பாளரிடம் கேட்டால் அதே கேட்டலாக்கைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.

எம்சிசிபியின் கரண்ட் லிமிட்டிங்கை நம்பி 36-ஐயே போடலாமா, அல்லது மேக்கிங் 105 உள்ள 50 கிலோ ஆம்பியர்தான் போட வேண்டுமா?