அரை மணி நேரத்துக்குள் என்னென்ன செய்கிறீர்கள்? (வாசிப்பில் பின்தங்கிய தொடக்கநிலை 2 பிள்ளை, ஒருவருக்கு ஒருவர்)

செங்காங் தொண்டூழியர்
சனிக்கிழமை காலையில் ஒரு பையனுடன் முப்பது நிமிடம். தொடக்கநிலை 2. வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு, பாட்டி வந்தால் மட்டும் தமிழ். எழுத்தைத் தனியாகக் காட்டினால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறான். சொல்லாகச் சேர்ந்து வந்தால் நின்றுவிடுகிறான். ஒரே பக்கத்தை மூன்று வாரம் வாசித்தால் மனப்பாடம் ஆகிவிடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுடன் உட்கார்ந்தவர்கள் என்ன வரிசையில் நடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள். பொதுவான அறிவுரை வேண்டாம், நிமிடக் கணக்கு வேண்டும்.

பிடோக் பழைய டீச்சர்
ஐந்து பகுதி, எப்போதும் அதே வரிசை. போன வாரப் பக்கம் 5 நிமிடம். எழுத்து 5. அட்டையில் சொல் கட்டுதல் 5. சொல்வதை எழுதுதல் 5. புதுப் பக்கம் 10. வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியாத பிள்ளை பாதிக் கவனத்தை அதிலேயே செலவழிக்கும். மூன்றாம் வாரத்தில் அவனே அட்டைப் பெட்டியை எடுத்து வைப்பான்.

பழைய பக்கத்தை வாசிக்கும்போது திருத்தாதீர்கள், குறித்துக்கொண்டால் போதும். புதுப் பக்கம் 40 முதல் 50 சொல்லுக்குள் இருக்கட்டும். திணறினால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுச் சொல்லைக் கொடுங்கள். அதற்கு முன்னே கொடுத்தால் உங்கள் முகத்தைப் பார்த்தே வாசிக்கப் பழகிவிடுவான். படம் இருந்தால் முதல் வாசிப்பில் ஒட்டுத்தாளால் மூடிவிடுங்கள். "குதிரை" என்று எழுதியிருக்கும் இடத்தில் படத்தைப் பார்த்து "மாடு" என்று சொல்லிவிட்டுப் போகிற பிள்ளைகள் உண்டு.

எழுத்துப் பகுதியில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழப்பம். நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் தடுக்கி விழுவது கொ, கோ வகையில்தான். காரணம் எளிது. ஒலி ஒன்று, ஆனால் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டும் பிள்ளை முதலில் கொம்பைப் பார்த்து "கெ" என்று முடிவு கட்டிவிடும். பிறகு வரும் காலை விட்டுவிடும், இல்லாவிட்டால் அதை "ர" என்று தனியாக வாசிக்கும்.

இதற்கு மூன்று துண்டு அட்டை போதும்: நடுவில் க, இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் துணைக்கால். கொம்பை மட்டும் வைத்து "கெ" சொல்லச் சொல்லுங்கள். எடுத்துவிட்டுக் காலை மட்டும் வைத்து "கா". பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில், இரண்டு கையாலும், அவனே நகர்த்தி வைத்து "கொ". இரண்டு கையும் சேர்ந்து வரும்போது ஒலி ஒன்றுதான் என்பது பிடிபடுகிறது. அப்புறம் க-வை எடுத்துவிட்டு ப, த, ம. ஒற்றைக்கொம்பை இரட்டையாக்கினால் கோ. அன்றைக்கு எழுதச் சொல்லும் சொற்களும் அதே இனம்தான்: கொடு, கோடு, தொடு, தோடு. நான்கு சொல், ஒரு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம்.

யீஷூன் அப்பா
டீச்சர் சொல்வதில் ஒன்று ஒத்துவரவில்லை. எழுத்தே உறுதியாகாத பிள்ளையிடம் எதற்குச் சொல்? 247 எழுத்தையும் அட்டவணை வரிசையில் ஒப்பித்து, தினம் ஒரு வரிசை எழுதட்டும். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு சொல்லுக்குப் போகலாம். பழைய பக்கத்தைத் திரும்ப வாசிப்பதும் வேண்டாம், மனப்பாடத்துக்கு அதுதான் வழி.

பிடோக் பழைய டீச்சர்
அப்பா, ஒப்பிக்கிற பிள்ளைக்கு அது பாட்டு. "கூ" எழுத்தைக் காட்டிவிட்டு உதட்டைப் பாருங்கள். க, கா, கி, கீ, கு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிற்கும். அது எழுத்தை அறிந்ததாகாது. அட்டவணையைக் கலைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

உகர வரிசையில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கால், கொம்பு எல்லா எழுத்துக்கும் ஒன்றுபோல வரும், ஒன்றைப் பிடித்தால் பதினெட்டும் வரும். உகரம் அப்படி இல்லை. கு, டு, மு, ரு ஒரு மாதிரி. சு, பு, யு, வு இன்னொரு மாதிரி. து, நு, லு, று வேறு மாதிரி. அதைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து எழுதிப் பழகத்தான் வேண்டும்.

மனப்பாடத்துக்குப் பழைய பக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் அதிலிருந்து மூன்று சொல்லைத் துண்டுத்தாளில் எழுதி முறை மாற்றிக் காட்டுங்கள். அல்லது கடைசி வாக்கியத்திலிருந்து மேலே போகச் சொல்லுங்கள். மனப்பாடம் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

தெம்பனிஸ் அம்மா
என் மகளுக்கும் இதே பிரச்சினைதான். தொடக்கநிலை 5. வாய்விட்டு வாசித்தால் தடங்கலே இல்லை, ஆனால் கருத்தறிதலில் மதிப்பெண் வருவதே இல்லை. அவளுக்கும் இந்த அட்டையை வாங்கலாமா?

மாலை வகுப்பு
அக்கா, உங்க பொண்ணுக்கு இருக்கிறது வேற. எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதுல தடங்கல் இல்லன்னா அட்டை நேர விரயம். ஒரு பத்தி வாசிச்சதும் புத்தகத்தை மூடிட்டு, அதையே பேச்சுத் தமிழ்ல உங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க. சொல்ல வரலன்னா சொற்களோட பொருள்லதான் ஓட்டை. அதுக்குத் தனியா ஒரு இழை போடுங்க, பேசலாம்.

தொண்டூழியருக்கு: குறிப்பு எடுக்கிறதைப் பத்தி யாரும் எழுதல. புதுப் பக்கத்தோட நகல் ஒண்ணு என் கையில இருக்கும். சரியான சொல் மேல ஒரு கோடு, தப்புன்னா அவன் என்ன சொன்னானோ அதை அப்படியே மேல எழுதுவேன். ஒரு பக்கம் எப்படிப் போச்சுன்னு காட்டுறேன்.

பக்கத்துல 46 சொல். தப்பு அஞ்சு:
மரம் – "மாம்"
கொடுத்தாள் – "கெடுத்தாள்"
போனான் – "பேனான்"
வீட்டிற்கு – "வீட்டுக்கு"
படிக்கிறார்கள் – "படிக்கிறாங்க"

அப்படியே எண்ணினா 46க்கு 41, 89 விழுக்காடு. 90க்குக் கீழ போனா பக்கம் கடினம், எளிசானதுக்கு மாத்தணும்னு வழக்கமா சொல்லுவாங்க. ஆனா கடைசி ரெண்டையும் பாருங்க. எழுத்தை வாசிச்சு, பொருள் புரிஞ்சு, பாட்டி பேசுற தமிழுக்கு அவனே மாத்தியிருக்கான். அது வாசிப்புத் தடங்கல் இல்ல. அதை நீக்கினா 43, அதாவது 93. பக்கம் சரியான அளவுதான்.

மீதி மூணுல ரெண்டு ஒரே இனம்: கொ, போ. ரெண்டுலயும் கொம்பைப் பார்த்தான், காலை விட்டான். டீச்சர் சொன்ன அதே சங்கதி. அடுத்த வாரம் எழுத்துப் பகுதி அதுதான். "மரம்" தனி. ர-வுக்குக் கீழ சாய்வா ஒரு கோடு இருக்கணும், சில எழுத்துருக்கள்ல அது ரொம்பச் சின்னது, துணைக்காலும் ர-வும் ஒண்ணாவே தெரியும். அதை அதுக்கடுத்த வாரம் வச்சுக்கலாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்தா எதுவும் நிக்காது.

பிடோக் பழைய டீச்சர்
"படிக்கிறாங்க"வை விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொடக்கநிலை 2 என்பதால் இப்போது விடலாம். ஆனால் "-றார்கள்" என்று எழுதியிருப்பதைக் கண் கடைசி வரை பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? நாளைக்குத் தேர்வில் வாய்விட்டு வாசிக்கும்போது அப்படி மாற்றினால் பிழைதான். நான் அதை அரைப் பிழையாக எண்ணுவேன்.

மாலை வகுப்பு
டீச்சர், அந்த இடத்துல நிறுத்தினா பையன் அதுக்கப்புறம் பொருளையே பார்க்க மாட்டான், எழுத்து எழுத்தா ஒலிப்பான். இதுல நாம ஒத்துப்போகப் போறதில்ல. :)

காலாங் நூலகப் பக்கம்
இன்னொரு சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "முகம்" என்பதை மு-க-ம் என்று எழுத்து மாறாமல் கூட்டிவிட்டு, "முக்கம்" போல அழுத்திச் சொல்லி, அப்படி ஒரு சொல்லே தெரியாததுபோல விழிப்பார்கள். க நடுவில் வரும்போது ஒலி மெலியும் என்பது தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தானாக வரும், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு வராது. விதி சொல்ல வேண்டாம். "வேகமாகச் சொல்லு" என்று இரண்டு முறை சொல்லவிட்டு, முகத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். தெரியாத சொல்லாக இருந்தால் எவ்வளவு கூட்டினாலும் இது நடக்காது. அதனால் புதுப் பக்கத்தில் அவன் காதால் கேட்டிராத சொல் இரண்டோ மூன்றோ இருந்தால் வாசிக்கும் முன்பே பேச்சில் சொல்லிவிடுங்கள்.

செங்காங் தொண்டூழியர்
நன்றி. வாரம் ஒருமுறைதான் என்னால் முடியும். அது போதுமா? அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

பிடோக் பழைய டீச்சர்
ஒருமுறை மட்டும் என்றால் அடுத்த சனிக்குள் பாதி கரைந்திருக்கும். வீட்டுக்குப் பழைய பக்கத்தை மட்டும் கொடுத்தனுப்புங்கள், புதுப் பக்கம் போகக்கூடாது. அம்மா திருத்த வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்திட்டால் போதும். வாரத்தில் மூன்று நாள், ஐந்து நிமிடம். தமிழ் தெரிந்த அக்கா யாராவது வீட்டில் இருந்தால்தான் கவனம் தேவை, அவள் ஒவ்வொரு சொல்லையும் முந்திக்கொண்டு சொல்லிக் கொடுத்துவிடுவாள்.

இன்னொன்று, ஆங்கிலத்தில் எப்படி வாசிக்கிறான் என்று அம்மாவிடம் கேளுங்கள். அங்கே வயதுக்கேற்ப வாசித்தால் இது பழக்கக் குறைவு. அங்கேயும் எழுத்துகள் இடம் மாறி, சொல் சொல்லாக நின்று திணறினால், இரண்டு மூன்று மாதக் குறிப்புத்தாள்களை அம்மா கையில் கொடுத்து வகுப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையால் தீர்கிற விஷயம் இல்லை அது.

யீஷூன் அப்பா
சரி, கலைத்துக் கேட்டுப் பார்த்தேன். என் சின்னவன் "கூ"வுக்கு உதட்டை அசைக்கிறான். ஆனாலும் தினம் ஒரு வரிசை எழுதுவதை நான் நிறுத்தப்போவதில்லை.

செங்காங் தொண்டூழியர்
ஆங்கிலம் பரவாயில்லை என்று அம்மா சொன்னார், கதைப் புத்தகம் தானே படிக்கிறானாம். அட்டை வெட்டிவிட்டேன். கொம்பும் காலும் க-வின் உயரத்துக்கே வெட்டினால்தான் ஒட்டி உட்காருகிறது, சின்னதாக வெட்டினால் தனி எழுத்துபோல விலகித் தெரிகிறது. தோடு என்றால் அவனுக்குத் தெரியாது, அதற்குப் பதில் என்ன வைக்கலாம்?

மாலை வகுப்பு
பாட்டி காதுல இருக்கும் பாருங்க, அதையே காட்டிச் சொல்லிட்டு வரச் சொல்லுங்க. இல்லன்னா பொய், போய் வச்சுக்குங்க.